சான்றிதழில் உள்ள தேதியும் இல்லாத தேதியும்

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சோதிக்கும் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் குளிர்பதனப் பெட்டி போன்ற ஓர் இன்குபேட்டரைப் பார்க்கலாம். உள்ளே கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே நடப்பது பி.ஓ.டி. சோதனை. நீரில் கலந்திருக்கும் கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளப்பதுதான் அது. ஐ.எஸ். 3025 என்ற இந்தியத் தரநிலையின் 44ஆம் பகுதி சொல்லும் முறைப்படி, புட்டிகள் 3 நாள் 27 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் 1 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சூடு கூடினால் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும், ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும், நல்ல நீரும் கெட்டதாகத் தெரியும். சூடு குறைந்தால் கெட்ட நீர் தப்பித்துக்கொள்ளும்.

உள்ளே 27 டிகிரிதான் என்று சொல்வது ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். அது சொல்வது சரிதானா என்று பார்க்க, ஆண்டுக்கொரு முறை அதை வெளியே ஓர் அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகக்காரர்கள் பேச்சில் இது ‘கேலிபரேஷன்’. அங்கே நம்பகமான இன்னொரு தெர்மாமீட்டரோடு இதையும் ஒரே தொட்டியில் இறக்கி, இரண்டும் காட்டும் அளவை ஒப்பிட்டு, இரண்டு மூன்று பக்கச் சான்றிதழ் தருவார்கள். நடுத்தர ஆய்வகம் ஒன்றில் தராசு, மைக்ரோபிப்பெட், பி.எச். மீட்டர், ஓவன், எடைக்கற்கள் என்று இப்படிப் பல கருவிகளுக்கும் சான்றிதழ்கள் வந்து சேரும். அவற்றிலிருந்து தேதிகளையும் அளவுகளையும் எடுத்து, எந்தக் கருவி மறுபடி எப்போது போக வேண்டும் என்ற அட்டவணையில் ஏற்றுவது தர மேலாளரின் வேலை. பெரும்பாலும் அது புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட்டின் தலையில்தான் விழும்.

பார்த்து எழுதும் வேலைதானே என்று தோன்றும். அட்டவணையில் மூன்று கட்டங்கள்: அளவுத்திருத்தம் செய்த தேதி, ஏற்கத்தக்க விலகல், அடுத்த கெடு. ஆனால் இந்த மூன்றில் சான்றிதழில் கட்டாயம் இருப்பது முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டையும் அதில் தேடுகிறவர்கள், கண்ணில் பட்ட வேறு எதையோ எடுத்து எழுதிவிடுகிறார்கள். அட்டவணைகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு மாதிரிச் சான்றிதழை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. கருவியின் அடையாளம் TH-07, பி.ஓ.டி. இன்குபேட்டரின் தெர்மாமீட்டர். முதல் பக்கத்தில் மூன்று தேதிகள் இருக்கின்றன. கருவி வந்து சேர்ந்தது 08/04/2025. அளவுத்திருத்தம் செய்தது 10/04/2025. சான்றிதழ் வழங்கியது 17/04/2025. கணக்கு தொடங்க வேண்டியது நடுவில் உள்ள தேதியிலிருந்து. கருவியின் நிலை தெரிந்தது அன்றைக்குத்தான், கையெழுத்துப் போட்ட நாளில் அல்ல. ஆனால் சான்றிதழ் எண்ணுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வழங்கிய தேதி என்பதால் பலரும் அதையே எடுக்கிறார்கள். இங்கே வித்தியாசம் ஒரு வாரம்தான். வேலை குவிந்து கிடக்கும் அளவுத்திருத்த ஆய்வகம் என்றால் அது ஒரு மாதமாகவும் ஆகலாம்.

அடுத்த சிக்கல் எக்ஸெல்லில். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், 10/04/2025 என்று தட்டியதும் அது அக்டோபர் 4 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. 17/04/2025 என்று தட்டினாலோ, பதினேழாம் மாதம் கிடையாது என்பதால் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆக ஒரே பத்தியில் சில தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்திலும் சில இடது ஓரத்திலும் நிற்கும். வலது ஓரத்தில் நிற்பவை எக்ஸெல் தேதியாக எடுத்துக்கொண்டவை, இடது ஓரத்தில் நிற்பவை எழுத்துகள். யாராவது அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்துவிட்டால் இந்த அடையாளமும் போய்விடும். அட்டவணையை அலங்கரிக்க ஆசைப்படுகிறவர்கள் இதற்காகவாவது கொஞ்சம் பொறுக்கலாம்.

இதற்கு எளிய காவல் உண்டு. மூன்று தேதிகளையுமே அட்டவணையில் ஏற்றிவிட வேண்டும். வந்த தேதி, செய்த தேதி, வழங்கிய தேதி என்ற வரிசை மாறவே முடியாது. செய்த தேதி அக்டோபரிலும் வழங்கிய தேதி ஏப்ரலிலும் நின்றால், எங்கோ நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். தட்டும்போதே 2025-04-10 என்று ஆண்டை முன்னால் போட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

இனி இரண்டாம் பக்கத்தின் அட்டவணை. 27 டிகிரிக்கான வரியில், ஒப்பீட்டுத் தெர்மாமீட்டர் காட்டியது 27.06. நம் கருவி காட்டியது 27.3. பிழை +0.24. கடைசியில் ±0.15 என்று ஓர் எண். 44.5 டிகிரிக்கான வரியில் 44.51, 44.7, பிழை +0.19, மறுபடி ±0.15.

இந்த ±0.15 தான் பலரையும் ஏமாற்றுகிறது. ± குறியைப் பார்த்ததும் ‘இதுதான் டாலரன்ஸ்’ என்று எடுத்து எழுதிவிடுகிறார்கள். அது டாலரன்ஸ் அல்ல, அளவீட்டின் நிச்சயமின்மை. பிழை +0.24 என்று சொல்லும் அளவுத்திருத்த ஆய்வகம், ‘என் தொட்டி, என் தெர்மாமீட்டர், உன் கருவியின் திரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் சொல்லும் இந்த எண்ணும் 0.15 முன்பின் இருக்கலாம்’ என்று கூடவே ஒத்துக்கொள்கிறது. அதன் அடியில் சிறிய எழுத்தில் k = 2 என்றும் சுமார் 95 விழுக்காடு நம்பகம் என்றும் இருக்கும். இது அளந்தவரின் வரம்பு. டாலரன்ஸ் என்பது பயன்படுத்துகிறவரின் தேவை. இந்த வேலைக்கு எவ்வளவு விலகினால் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் கருவியை எதற்கு வைத்திருக்கிறோம் என்று அளவுத்திருத்த ஆய்வகத்துக்குத் தெரியாது. ஆகவே நாம் சொல்லி அனுப்பாத டாலரன்ஸை அது எழுதவும் முடியாது. கருவி தயாரித்த நிறுவனத்தின் விவரக் குறிப்பைச் சில ஆய்வகங்கள் சான்றிதழில் சேர்ப்பதுண்டு. அதுவும் நம் தேவை அல்ல.

அப்படியானால் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? சோதனை முறையிலிருந்து தொடங்க வேண்டும். பி.ஓ.டி.க்குத் தரநிலை தரும் இடம் ±1 டிகிரி. இதை முழுக்கத் தெர்மாமீட்டரே தின்றுவிடக்கூடாது, ஏனென்றால் இன்குபேட்டரும் சும்மா இருக்காது. கதவைத் திறந்தால் இறங்கும், மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் வித்தியாசம் இருக்கும். அதனால் பாதியை இன்குபேட்டருக்கு விட்டுவிட்டுத் தெர்மாமீட்டருக்கு ±0.5 என்று வைத்துக்கொள்வது நியாயம். இந்தப் பங்கீடு எந்தத் தரநிலையிலும் எழுதியிருக்கும் விதியல்ல. ஆய்வகம் காரணம் சொல்லி எடுத்துக்கொள்ளும் முடிவு. இப்போது கணக்குப் பார்க்கலாம். பிழை 0.24, நிச்சயமின்மை 0.15, இரண்டும் சேர்ந்தால் 0.39. 0.5-க்குள் அடங்குகிறது. TH-07 இந்த வேலைக்குப் போதும்.

அதே சான்றிதழை அடுத்த அறைக்கு எடுத்துப் போவோம். அங்கே குடிநீரில் மலக் கிருமிகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் வெளியாகும் ‘ஸ்டாண்டர்டு மெத்தட்ஸ்’ என்ற நீர்ச் சோதனைக் கையேட்டின்படி அந்த வெந்நீர்த் தொட்டி 44.5 டிகிரியில் நிற்க வேண்டும், 0.2 டிகிரிக்கு மேல் நகரக்கூடாது. குடலில் வாழும் கிருமிகள் அந்தச் சூட்டைத் தாங்கும், மண்ணில் வாழும் அவற்றின் உறவினர்களில் பெரும்பாலானவை தாங்காது. அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் பிரித்தறிகிறார்கள். சூடு கொஞ்சம் ஏறினால் தேடிப் போன கிருமியே வளராமல் போகும், கெட்ட நீருக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும். இங்கே TH-07-இன் கணக்கு என்ன? பிழை 0.19, நிச்சயமின்மை 0.15, கூட்டினால் 0.34. முழு 0.2-ஐயும் தெர்மாமீட்டருக்கே கொடுத்தாலும் தாங்காது. ‘பிழைதான் தெரிந்துவிட்டதே, 44.7 காட்டும்படி வைத்துக்கொள்ளலாமே’ என்று கேட்கலாம். செய்யலாம்தான். பிழை கழிந்துவிடும், நிச்சயமின்மை கழியாது. 0.2-இல் 0.15 அப்படியே நிற்கும், தொட்டியின் ஏற்ற இறக்கத்துக்கு மிஞ்சுவது வெறும் 0.05. சாதாரணத் தொட்டி அதற்குள் நிற்பது கடினம். இந்த வேலைக்கு வேறு தெர்மாமீட்டர் வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரே சான்றிதழுக்கு இரண்டு அறைகளில் இரண்டு தீர்ப்பு. ஆகவே அட்டவணையில் ‘டாலரன்ஸ்’ கட்டத்துக்குப் பக்கத்தில் ‘எந்தச் சோதனைக்கு’ என்ற கட்டமும் வேண்டும். அது இல்லாத அட்டவணையில் ‘ஓகே’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

இந்த இடத்தில் குறியையும் கவனிக்க வேண்டும். சில சான்றிதழ்கள் பிழையைத் தரும், சில திருத்தத்தைத் தரும். பிழை என்பது கருவி காட்டியதிலிருந்து உண்மை அளவைக் கழித்தது. திருத்தம் அதன் நேர்மாறு. நம் தெர்மாமீட்டருக்குப் பிழை +0.24, திருத்தம் −0.24. ‘விலகல்’ என்று மட்டும் தலைப்பிட்டிருந்தால் எது என்று தெரியாது. தலைப்பை நம்பாமல் வரியிலேயே கழித்துப் பார்த்துவிட வேண்டும்: 27.3-இலிருந்து 27.06 போனால் 0.24, குறி கூட்டல், ஆகவே இது பிழை. இந்தக் கழித்தலை அட்டவணையே செய்யும்படி வைத்துவிட்டால், படிக்கும்போது வரும் தவறுகளும் அகப்படும். சான்றிதழ் கணினியில் உருவான பி.டி.எஃப். என்றால் `pdftotext -layout` போன்ற நிரல் அட்டவணையைப் பத்தி கலையாமல் எழுத்தாக்கித் தரும். தாளை ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் அதில் இருப்பது வெறும் படம். எழுத்தறியும் மென்பொருள் கொண்டு படிக்கும்போது முதலில் தொலைவது தசமப் புள்ளியும் கழித்தல் குறியும்தான். 0.15 என்பது 015 ஆகும். −0.24 குறியில்லாமல் 0.24 ஆகும். குறி தப்பித்து வந்தாலும், அச்சில் வரும் நீளமான கழித்தல் குறியைப் பல நேரங்களில் எக்ஸெல் எண்ணாக ஏற்பதில்லை. அந்த எண்ணும் இடது ஓரம் ஒதுங்கி நிற்கும்.

அடுத்தது கெடு. சர்க்கரைப் பரிசோதனை அறிக்கை அன்று காலை ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று சொல்லும், அது எத்தனை மாதம் செல்லும் என்று சொல்லாது. அளவுத்திருத்தச் சான்றிதழும் அப்படித்தான். ஆய்வகங்களுக்கான உலகத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 17025. அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.8.4.3 என்ற பிரிவு இதை வெளிப்படையாகவே தடுக்கிறது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டாலன்றி, சான்றிதழிலோ ஒட்டுச்சீட்டிலோ அடுத்த அளவுத்திருத்தம் எப்போது என்ற பரிந்துரை இருக்கக்கூடாது. நம் நாட்டில் பல சான்றிதழ்களில் ‘அடுத்த கெடு’ என்று ஒரு தேதி இருப்பதற்குக் காரணம், வேலைக்கு அனுப்பும் படிவத்தில் ‘ஒரு வருடம்’ என்று நாமே எழுதிக் கொடுத்ததுதான். நாம் சொன்னதையே அச்சடித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘அவர்களே ஒரு வருடம் என்று சொல்லிவிட்டார்கள்’ என்பது வேடிக்கை.

இடைவெளியை முடிவு செய்யும் பொறுப்பு நம்முடையது. இதற்கென்றே ஐலாக், ஓ.ஐ.எம்.எல். என்ற இரு உலக அமைப்புகள் சேர்ந்து ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. அதில் உள்ள எளிய முறை படிக்கட்டு முறை. கருவி வரம்புக்குள் திரும்பி வந்தால் இடைவெளியை நீட்டலாம், வரம்பை மீறியிருந்தால் குறைக்க வேண்டும். TH-07-க்கு இதைப் பார்க்கப் போன ஆண்டுச் சான்றிதழும் வேண்டும். அதில் 27 டிகிரியில் பிழை +0.10 என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு +0.24. ஓராண்டில் 0.14 நகர்ந்திருக்கிறது. இதே வேகம் தொடர்ந்தால் அடுத்த ஆண்டு பிழை 0.38 ஆகும். நிச்சயமின்மையைச் சேர்த்தால் 0.53, வரம்பைத் தாண்டிவிடும். ஆறு மாதத்தில் என்றால் 0.31-உம் 0.15-உம் சேர்ந்து 0.46, உள்ளே நிற்கும். ஆக ஆறு மாதமா?

அவசரப்பட வேண்டாம் என்பேன். நகர்ந்ததாகத் தெரிவது 0.14. இரண்டு ஆண்டு அளவீட்டிலும் தனித்தனியே 0.15 நிச்சயமின்மை இருக்கிறது. கருவி நகரவே இல்லாமல், அளந்ததில் வந்த வேறுபாடாகவும் இது இருக்கலாம். இரண்டு புள்ளிகளை வைத்து ஒரு போக்கை உறுதி செய்ய முடியாது. மூன்றாவது சான்றிதழ் வரும்வரை செய்யக்கூடிய நல்ல காரியம், இடையில் நாமே சோதித்துக்கொள்வது. காய்ச்சி வடித்த நீரில் உறைந்த பனிக்கட்டியை நொறுக்கி, அதே நீரில் குழைத்து ஒரு தெர்மாஸ் குடுவையில் நிரப்பினால், அது 0 டிகிரியில் நிலையாக நிற்கும். மாதமொரு முறை தெர்மாமீட்டரை அதில் இறக்கி, காட்டும் அளவைக் குறித்துவைத்தால் போதும். சான்றிதழ் வந்த வாரத்தில் காட்டியதைவிட அது தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால், நகர்வு உண்மை என்று ஆண்டு முடியும் முன்பே தெரிந்துவிடும். 12 மாதத்தை அப்படியே விட்டு இந்த மாதாந்தரச் சோதனையை அட்டவணையில் சேர்ப்பதே TH-07-க்கு என் முடிவாக இருக்கும்.

இந்த முடிவுகள் எல்லாம் அட்டவணையில் இரண்டு வரிகளாக அடங்கிவிடும். C2-இல் அளவுத்திருத்தம் செய்த தேதி, D2-இல் இடைவெளி மாதங்களில், G2, H2, I2-இல் முறையே பிழை, நிச்சயமின்மை, டாலரன்ஸ்:

```
=EDATE(C2,D2)-1
=IF(ABS(G2)+H2<=I2,"OK","CHECK")
```

முதல் வரி TH-07-க்கு 09.04.2026 என்று தரும். முந்தைய நாளோடு முடிக்கிறோமா அதே தேதியோடா என்பதில் பெரிய விஷயமில்லை, எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கெடு தேதி மட்டும் போதாது. கருவி போய் வர மூன்று வாரம் ஆகும் என்றால், 19.03.2026-க்குள் அது கிளம்பியாக வேண்டும். அந்த நாளில் இன்குபேட்டரில் வைக்க மாற்றுத் தெர்மாமீட்டர் இருக்கிறதா, அதன் கெடு எப்போது என்பதையும் அட்டவணை காட்ட வேண்டும். இரண்டு தெர்மாமீட்டரையும் ஒன்றாக வாங்கி ஒன்றாக அனுப்பிய ஆய்வகத்தில், ஆண்டுதோறும் இரண்டும் ஒரே வாரத்தில் வெளியூர் போய்விடும்.

எழுதும் முன் சான்றிதழ் இந்தக் கருவியுடையதுதானா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் திரை தனி, உள்ளே நீட்டும் உணர்கோல் தனி. சான்றிதழ் இரண்டின் சோடிக்குத்தான். உணர்கோல் உடைந்து, அலமாரியில் கிடந்த இன்னொன்றை மாட்டிவிட்டால், அன்றோடு அந்தச் சான்றிதழ் செல்லாது, கெடு இன்னும் எட்டு மாதம் இருந்தாலும். ஆகவே இரண்டின் வரிசை எண்ணும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, சில சான்றிதழ்களில் அளவுகள் இரண்டு முறை வரும். ஒன்று கருவி வந்தபோது இருந்த நிலை. மற்றது அவர்கள் சரிசெய்த பிறகு உள்ள நிலை. இனிமேல் பயன்படுத்தப் போவது சரிசெய்த கருவியைத்தானே என்று இரண்டாவதை மட்டும் எடுத்து எழுதுவது வழக்கம். அட்டவணை முழுக்கப் பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் போன ஓராண்டு ஆய்வகம் கொடுத்த அறிக்கைகள் எல்லாம் சரிசெய்வதற்கு முந்தைய நிலையில் எடுத்தவை. கருவி வந்தபோது பிழை +0.9 என்று இருந்தால், அந்த இன்குபேட்டர் உண்மையில் 26.1 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, இன்குபேட்டரின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால் 26-க்குக் கீழேயும் போயிருக்கும். எத்தனையோ சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வரம்புக்குள் இருப்பதாக வந்த முடிவுகள் சந்தேகத்துக்குரியவை ஆகின்றன. இடைவெளியைக் கணிக்கவும் முதல் அட்டவணைதான் உதவும், ஏனென்றால் ஓராண்டில் கருவி எவ்வளவு நகர்ந்தது என்பது அதில்தான் இருக்கிறது. இப்படி வரம்பு மீறிய கருவி திரும்பி வந்தால், கடைசியாகச் சரியாக இருந்தது என்று தெரிந்த நாளிலிருந்து கொடுத்த முடிவுகளை மறுபடி பார்த்து, பாதிக்கப்பட்டிருந்தால் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 17025-இன் தேவை. வந்தபோது இருந்த நிலைக்கென்று ஒரு கட்டம் இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.